ஐவிஎஃப்: கரு ஆணா, பெண்ணா என்று லேபுக்குத் தெரியும்... ஆனாலும் சொல்லாதது ஏன்?

ஐவிஎஃப் சிகிச்சையில் உருவான கரு ஆணா, பெண்ணா என்பதை, அதைக் கருப்பைக்குள் வைக்கும் முன்பே பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் இந்தியாவில் அந்தத் தகவலை தம்பதியிடம் சொல்லவே கூடாது. ஏன் இந்தக் கட்டுப்பாடு?

லேபுக்கு எப்படித் தெரிகிறது?

கரு உருவான ஐந்தாவது அல்லது ஆறாவது நாளில், பின்னாளில் நஞ்சுக்கொடியாக மாறும் வெளிப்பகுதியிலிருந்து சில செல்களை மட்டும் எடுப்பார்கள். கருவை உறைய வைத்துவிட்டு, செல்களை மரபணு லேபுக்கு அனுப்புவார்கள். குரோமோசோம்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். அப்படி எண்ணும்போது எக்ஸ், ஒய் குரோமோசோம்களும் தெரிந்துவிடும்.

கிளினிக் என்ன செய்யும்?

உதாரணத்துக்கு, இரண்டு மகள்கள் உள்ள ஒரு தம்பதிக்கு நான்கு கருக்கள் கிடைக்கின்றன. இரண்டு மட்டுமே நார்மல். அதில் ஒன்று ஆண், ஒன்று பெண். இந்திய லேப் தரும் ரிப்போர்ட்டில் பாலினம் மறைக்கப்பட்டிருக்கும். நார்மலா, இல்லையா என்பது மட்டும்தான் இருக்கும். எதை முதலில் வைப்பது என்பதை, கருவின் வளர்ச்சித் தரத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். "பையனா பார்த்து வைங்க டாக்டர்" என்று கேட்டால், மறுப்பதைத் தவிர கிளினிக்குக்கு வேறு வழியில்லை. சைகையில் சொன்னாலும் குற்றம்தான்.

சட்டம் ஏன் இவ்வளவு கறார்?

1994-ல் வந்த சட்டம் முக்கியமாகக் குறிவைத்தது கர்ப்ப கால ஸ்கேனை. ஆனாலும் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 1991-ல் 945 ஆக இருந்த பெண் குழந்தைகள், 2001-ல் 927 ஆகக் குறைந்தனர். அதனால் 2003-ல் கருத்தரிப்புக்கு முந்தைய பாலினத் தேர்வும் தடைக்குள் வந்தது. 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, இப்படி ஒரு வசதி இருப்பதாக கிளினிக் விளம்பரம் செய்தாலே 5 முதல் 10 ஆண்டுகள் சிறை, அல்லது 10 முதல் 25 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பிரிட்டனில் இப்படிப் பெண் குழந்தைகள் குறையவில்லை. ஆனாலும், பெற்றோரின் விருப்பம் மருத்துவத் தேவை ஆகாது என்று அங்கேயும் தடை இருக்கிறது. அமெரிக்காவில் தேசிய அளவில் தடை இல்லை. செய்வதா, வேண்டாமா என்பது அந்தந்த கிளினிக்கின் முடிவு.

விதிவிலக்கு உண்டா?

உண்டு. ஹீமோபிலியா போன்ற நோயின் மரபணு தாயிடம் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அந்த நோய் வர 50% வாய்ப்பு. இப்படிப்பட்ட நோய்களைத் தவிர்க்கத்தான் 1990-ல் லண்டனில் கருவின் பாலினத்தை முதன்முதலில் பரிசோதித்தார்கள். இப்போது பல நோய்களுக்கு அந்த மரபணுவையே நேரடியாகப் பார்க்க முடியும். நோய் இல்லாத ஆண் கருவை ஒதுக்க வேண்டியதில்லை.

கேட்பவருக்கும் தண்டனையா?

ஆமாம். பாலினத் தேர்வு கேட்டு கிளினிக்கை அணுகினால், முதல் முறையே 3 ஆண்டுகள் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் கட்டாயப்படுத்தப்பட்ட பெண்ணுக்கு இது பொருந்தாது. கர்ப்பிணியைப் பொறுத்தவரை, கணவரோ உறவினர்களோ கட்டாயப்படுத்தினார்கள் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால், அதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.