பாஸ்புக்கில் வரும் 295 ரூபாய்: முன்னோடி வங்கி மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அவர்களுக்கு,

இராஜாக்கமங்கலத்தில் கயிறு திரிக்கப் போகும் அக்கா ஒருவரின் பாஸ்புக்கை முன்வைத்து இதை எழுதுகிறேன். 15-ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரவு. அன்றே 295 ரூபாய் பற்று. எதிரே ‘ACH RTN CHG’ என்று மட்டும் இருந்தது. யாரோ திருடிவிட்டார்கள் என்றே அவர் நினைத்தார்.

CHG என்றால் கட்டணம். RTN என்றால் திரும்பிப்போனது. ACH என்பது, நாம் கையெழுத்திட்டுக் கொடுத்த படிவத்தை வைத்துக் கடன் நிறுவனம் தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறை.

வங்கிக் கட்டணத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். ஆகவே புரியாத தொகையை 1.18-ஆல் வகுத்துப் பார்க்கலாம். 295-ஐ வகுத்தால் சரியாக 250. இப்படி முழு எண் வந்தால் அது பெரும்பாலும் வங்கிக் கட்டணம்தான். ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில் போகும் 20 ரூபாயும் 436 ரூபாயும் இந்தக் கணக்கில் வராது. அவை PMSBY, PMJJBY காப்பீட்டுத் தவணைகள்.

அடுத்து, பக்கத்தில் மேலே தேடினோம். 5-ஆம் தேதி வாஷிங்மெஷின் கடனுக்கு 1,450 ரூபாய் கேட்டு வந்திருக்கிறது. கணக்கில் இருந்தது 40 ரூபாய். தவணை திரும்பிவிட்டது. அபராதத்துக்கும் பணமில்லாததால், அடுத்த வரவு வரும்வரை அது நிலுவையில் நின்றிருக்கிறது. காரணம் 5-ஆம் தேதி, பற்று 15-ஆம் தேதி. குழப்பத்தின் வேர் இதுதான்.

அந்த வரி ‘UPI/DR’ என்று தொடங்கியிருந்தால், அதையடுத்த 12 இலக்க எண்ணைக் கைபேசிச் செயலியில் ஒப்பிட்டால் பணம் யாருக்குப் போனது என்று தெரிந்துவிடும். எதிலும் பொருந்தாத பற்று என்றால் மட்டுமே அது மோசடிச் சந்தேகம். உடனே வங்கிக்கும் 1930 எண்ணுக்கும் சொல்ல வேண்டும்.

பாஸ்புக்கில் புரியாத பதிவுகளைத் தவிர்த்து, கட்டணம் என்றால் அதன் தன்மையையும் காரணத்தையும் சுருக்கமாக எழுத வேண்டும் என்று 2017 ஜூன் 22-இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது. 2023 செப்டம்பரில் உரிமைத் தொகை தொடங்கியபோது, அதிலிருந்து வங்கிகள் கட்டணம் பிடிப்பதாகப் புகார் எழுந்து, நிதியமைச்சர் தங்கம் தென்னரசு எச்சரிக்க வேண்டியிருந்தது.

எனவே இரண்டு கோரிக்கைகள். கட்டண வரியில், திரும்பிய தவணையின் தேதியும் கடன் நிறுவனத்தின் பெயரும் வரட்டும். ஒவ்வொரு கிளையிலும் பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், இந்தச் சுருக்கங்களுக்குத் தமிழில் ஒரு விளக்கத்தாள் ஒட்டப்படட்டும். மாவட்ட வங்கியாளர்களின் அடுத்த கூட்டத்தில் இவற்றைப் பொருள்நிரலில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இராஜாக்கமங்கலம் வாடிக்கையாளர் ஒருவர்