அடக்க அறிவிப்பில் நாம் எழுதும் சொற்கள்



ஒவ்வோர் ஆண்டும் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் 'மதிப்பெண் குறைந்ததால் மாணவி தற்கொலை' என்ற வகைத் தலைப்புகள் நாளிதழ்களில் வருகின்றன. தற்கொலை செய்த முறையை விவரிக்கக் கூடாது, பரபரப்பான தலைப்பு கூடாது என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-இல் வழிகாட்டுதல் தந்தது. பத்திரிகைகளைக் குறை கூறுமுன் நமது பங்கு மடலையும் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் ஓர் இளைஞர் இவ்வாறு இறந்தார். அச்சுக்குத் தயாரான அறிவிப்பில், "கடன் தொல்லையால் தற்கொலை செய்துகொண்ட சகோதரரின் பாவம் மன்னிக்கப்பட மன்றாடுவோம்" என்றிருந்தது. எழுதியவர் நல்லவர்தான். ஆனால் ஒரே வரியில் மூன்று தவறுகள். பல மாதங்களாக அவர் தூக்கமின்றி, யாரிடமும் பேசாமல் இருந்ததை வீட்டார் அறிவர். கடன் மட்டுமே காரணம் என்றால், கடனுள்ள மற்றொருவருக்கு அதுவே வழி என்று சொன்னதாகிவிடும். குடும்பத்தின் அனுமதியின்றி இறப்பின் விதம் ஊரறியச் செய்யப்பட்டது. தீர்ப்பும் நாமே வழங்கிவிட்டோம். "இறைவனில் துயில்கொண்ட நம் சகோதரருக்காகவும், துயருறும் அவர் தாய்க்காகவும் தங்கைக்காகவும் மன்றாடுவோம்" என்று மாற்றினோம்.

அந்தத் தாய் கேட்டது ஒன்றே: "சாமி, கோயிலுக்குள்ள பூசை வைப்பீங்களா?" 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தம் உயிரை மாய்த்தவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது உண்மை. 1983-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில், அடக்கம் மறுக்கப்படுவோரைக் கூறும் 1184-ஆம் எண்ணில் தற்கொலை இடம்பெறவில்லை. கடுமையான உளவியல் பாதிப்பும் வேதனையும் பொறுப்பைக் குறைக்கும் எனவும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது எனவும் கத்தோலிக்க மறைக்கல்வி (2282, 2283) கூறுகிறது. நாற்பதாண்டு கடந்தும் சில ஊர்களில் பழைய சட்டமே பேச்சில் வாழ்கிறது!

மறையுரையில் "இது கடவுளின் திட்டம்" என்று சொல்லாதிருந்தோம். தன் மகனின் சாவைத் திட்டமிட்டவரிடம் ஒரு தாய் எப்படிச் செபிப்பாள்?

முப்பதாம் நாள் பூசைக்குப் பின் அன்பியத்தார் வருவது நின்றது. அப்போதுதான் தங்கை சாப்பாட்டைக் குறைத்து, "நானும் அண்ணன்கிட்ட போயிடலாம்" என்று ஒருமுறை சொன்னாள். இவ்வாறு ஒருவரை இழந்த வீட்டில் மற்றவர்க்கும் ஆபத்து அதிகம். அவளிடம் "சாகணும்னு நினைப்பு வருதாம்மா?" என்று நேரடியாகவே கேட்டோம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை; மறைத்து வைத்த சுமையை இறக்க வழி பிறக்கிறது. அவள் அழுதாள், ஆம் என்றாள். அன்றிரவு தனியே விடாமல் அத்தை உடனிருந்தார். மறுநாள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் சென்றோம். பாவசங்கீர்த்தனமும் செபமும் மருந்துக்கு மாற்றல்ல என்பதைச் சிலருக்கு விளக்க வேண்டியிருந்தது.

இப்போது நம் பங்கின் அடக்க அறிவிப்புகளின் கீழ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 அச்சிடப்படுகிறது. இரவும் பகலும் தமிழில் பேசலாம். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அவ்வீட்டுக்குச் செல்ல வேண்டியவர் யார் என்று, அடக்க நாளன்றே அன்பியப் பொறுப்பாளரின் நோட்டில் பெயர் எழுதிவிடுகிறோம்.