மூன்று நாள் மருந்தும் பத்து மில்லி குப்பியும்

ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் சேர்க்கப்படும் ஃபினைலெஃப்ரின் என்னும் மருந்து, வாய்வழி உட்கொள்ளும்போது மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக முடிவு கூறியது. அம்மருந்தை விலக்கிவிடலாம் என்று 2024 நவம்பரில் அந்நிர்வாகமே முன்மொழிந்தது. சளிக்காலம் வந்தால் இச்செய்தி மறுபடியும் பேச்சுக்கு வந்துவிடும். இவ்வாரமும் வந்தது. எரிச்சலூட்டியது செய்தியன்று, பேசியவர்கள் பயனற்ற மாத்திரையை நன்றாகப் பழித்துவிட்டு, மூக்கில் ஸ்பிரே அடித்துக்கொண்டால் உடனே திறந்துவிடும் என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டதுதான். உடனே திறக்கும் என்பது உண்மை. அதை எத்தனை நாள் அடிக்கலாம் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

மருந்துக் குப்பிகளின் வடிவமைப்பு மீது இப்பத்திக்குள்ள பழைய மனத்தாங்கலைத் தொடர் வாசகர்கள் அறிவர். இருமல் மருந்தின் அளவு மூடியைப் பற்றியும் கண்சொட்டு மருந்தின் பொடி எழுத்தைப் பற்றியும் படித்துச் சலித்தவர்கள் இன்னொரு குப்பியையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் ஆகிய மூக்கடைப்பு மருந்துகளை 3 நாளுக்கு மேல் தொடர வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை; சில நாடுகளின் உறைகள் 7 நாள் வரை அனுமதிக்கின்றன. நம் கடைகளிலோ பெரும்பாலும் 10 மில்லி குப்பிதான் கிடைக்கிறது. சொட்டு மருந்தாக வைத்துக் கணக்கிட்டால், ஒரு நாசிக்கு 3 சொட்டு வீதம் காலையும் இரவும் இரு நாசிகளிலும் விடுபவருக்கு நாளொன்றுக்கு 12 சொட்டும், மூன்று நாளுக்கு 36 சொட்டும் போதும். ஒரு மில்லிக்கு ஏறத்தாழ 20 சொட்டு என்பதால் அது 2 மில்லிக்கும் குறைவு. மீதமுள்ள 8 மில்லிக்கு மேற்பட்ட மருந்து தலைமாட்டிலேயே இருக்கிறது. நான்காம் நாள் இரவு மூக்கு அடைக்கும்போது கை தானாக அதைத் தேடிப் போகிறது. நிறுத்து என்பதை உறையில் பொடி எழுத்திலும், தொடரலாம் என்பதைக் குப்பியின் அளவிலும் ஒரே பொருள் சொல்லுமானால், வாங்குபவர் இரண்டாவதைத்தான் நம்புவார்.

அந்த நான்காம் நாளில் நடப்பதை அறிய மூக்கின் உள்ளமைப்பைச் சிறிது அறிய வேண்டும். மூக்கின் பக்கச் சுவர்களில் டர்பினேட் எனப்படும் சுருண்ட மடிப்புகள் உள்ளன. அவற்றின் சவ்வுக்கு அடியில் இருக்கும் நுண்ணிய இரத்த அறைகள் நிரம்பினால் மடிப்பு பஞ்சுபோல் உப்பிக் காற்றுப்பாதையை அடைக்கும், சுருங்கினால் பாதை திறக்கும். அவற்றை எந்நேரமும் ஓரளவு சுருக்கி வைத்திருப்பது, நரம்பு முனைகள் வெளிவிடும் நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள். ஸ்பிரேயில் உள்ள மருந்து, இரத்தக்குழாய்ச் சுவரில் அவ்வேதிப்பொருளை ஏற்கும் இடங்களாகிய ஏற்பிகளிலேயே சென்று படிந்து, சில நிமிடங்களில் பலமாகச் சுருக்கிவிடுகிறது; அவ்விளைவு பல மணி நேரம், பத்து மணி நேரம்வரைகூட, நீடிக்கும். வெளியிலிருந்து இவ்வளவு வந்துகொண்டே இருந்தால் நரம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது, ஏற்பிகளும் மந்தமாகின்றன; மருந்து தேய்ந்ததும் தாங்கிப் பிடிக்க எதுவுமின்றி இரத்த அறைகள் முன்னைவிட அதிகமாக நிரம்புகின்றன என்பதே பொதுவாகக் கூறப்படும் விளக்கம். இதுவே மீள் அடைப்பு. நாட்பட்டு நிலைத்துவிட்டால் மருத்துவர்கள் இதை ரைனைட்டிஸ் மெடிகமென்டோசா, அதாவது மருந்தினால் விளைந்த மூக்கழற்சி, என்று குறிப்பிடுவர். சிலருக்கு இது சில நாட்களிலும் சிலருக்குச் சில வாரங்களிலும் தொடங்குகிறது. தனக்கு எப்போது தொடங்கும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லாததால்தான் எல்லை இவ்வளவு குறுகலாக வைக்கப்பட்டுள்ளது.

திங்கட்கிழமை சளி பிடித்த ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அன்றிரவே ஸ்பிரே அடிக்கத் தொடங்குகிறார். புதன்வரை நன்றாக உறங்குகிறார். சாதாரணச் சளி இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சம் தொட்டு, ஏழு முதல் பத்து நாட்களில் தானே அடங்கிவிடும் என்பதால், மிகவும் வருத்தும் இரவுகளை அவர் அதற்குள் கடந்துவிட்டார். வியாழனன்று நிறுத்தினால் சிறிது அடைப்பு இருக்கும், அது நாளுக்கு நாள் குறையும். அவர் நிறுத்தவில்லை என்று கொள்வோம். அடுத்த வாரம் தும்மலும் ஒழுக்கும் போய்விடுகின்றன, அடைப்பு மட்டும் போகவில்லை; இரவு பத்து மணிக்கு அடித்தது விடியும்வரை தாங்கிய நிலை மாறி, இரண்டு மணிக்கே எழுப்புகிறது. சளி இன்னும் தீரவில்லை என்று எண்ணி அவர் மேலும் அடிக்கிறார். நோய் போய்விட்டது, எஞ்சியிருப்பது மருந்தின் விளைவு என்பதற்கு அடையாளங்கள் இவையே: சளியின் மற்ற அறிகுறிகள் இல்லை, நிவாரணம் நீடிக்கும் நேரம் குறுகிக்கொண்டே வருகிறது, மருந்து தேய்ந்ததும் இரு நாசிகளும் ஒருசேர அடைக்கின்றன.

ஒருசேர என்ற இடத்தில் சற்று நிற்க வேண்டும். நலமான மூக்கும் எப்போதும் இருபுறமும் சமமாகத் திறந்திருப்பதில்லை. ஒரு பக்கத்து மடிப்பு உப்பியும் மறுபக்கத்து மடிப்பு சுருங்கியும் சில மணி நேரம் இருந்து, பின்னர் பக்கம் மாறும். ஜெர்மானிய மருத்துவர் கைசர் 1895இல் விவரித்த இவ்வியல்பு நாசிச் சுழற்சி எனப்படுகிறது. மூச்சு இடமும் வலமும் மாறி ஓடுவதைத் தமிழ்ச் சித்தர் மரபு சந்திரகலை, சூரியகலை என்று பெயரிட்டுக் கவனித்து வந்தது. சரம் பார்த்துப் பலன் சொல்வதை ஏற்காதவரும் கவனிப்பு நுட்பமானது என்பதை மறுக்க இயலாது. ஸ்பிரே இச்சுழற்சியை அழுத்தி, இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் அகலத் திறந்துவிடுகிறது. உடல் இயல்பாகத் தராத அந்த விசாலத்துக்கு ஒரு வாரம் பழகியவருக்கு, ஒரு பக்கம் சிறிது மந்தமாவதுகூட நோயாகத் தெரிகிறது. அவர் மருந்து விடுவது பல சமயம் அடைப்புக்கு அல்ல, நலமான மூக்கின் வழக்கமான ஓட்டத்துக்கு.

பழகிவிட்டவர் வெளியேறும் வழி நிறுத்துவதுதான். அதை எளிதாக்க முடியும். மருத்துவர்கள் பொதுவாக ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தொடங்கச் சொல்வர். அது வீக்கத்தைத் தணிப்பது, நிமிடங்களில் திறப்பதில்லை, முழுப் பயனுக்குப் பல நாட்களாகும். இதை அறியாதவர் இரண்டே நாளில் அதைப் பயனற்றதென ஒதுக்கிவிட்டுப் பழைய குப்பிக்குத் திரும்புகிறார். ஒரே இரவில் இருபுறமும் நிறுத்த இயலாதவர், முதலில் ஒரு நாசிக்கு மட்டும் முற்றிலும் நிறுத்தி, அது தானே திறந்து மூச்சு ஓடத் தொடங்கியபின் மற்றதற்கும் நிறுத்தலாம். இடையில் உப்புநீர் ஸ்பிரேயும் உயர்த்திய தலையணையும் உதவும். முதல் சில இரவுகளே கடினமானவை. வாரங்கள் கடந்தும் தீராவிடில், ஒவ்வாமையோ வளைந்த நடுச்சுவரோ சதை வளர்ச்சியோ அடியில் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். உயர் இரத்த அழுத்தமுள்ளவர்களும் சிறு குழந்தைகளின் பெற்றோரும் முதல் சொட்டுக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. விட்டொழித்தவர் தேறிவிட்டதை அறிய இரு நாசிகளும் அகலத் திறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. காலையில் வலம் மந்தமாகவும் மாலையில் இடம் மந்தமாகவும் இருந்தால், மூக்கு தன் வேலையைத் தானே பார்க்கத் தொடங்கிவிட்டது.