மழை விட்டும் தூவானம் விடவில்லை

"மந்தம் முடிந்துவிட்டது. இனியும் வேலை கிடைக்கவில்லை என்பவன் சோம்பேறி" என்று தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இயற்பியல் பாடத்தில் 'இஸ்தெரெஸிஸ்' என்றொரு சொல் வரும். இரும்பைக் காந்தப் புலத்தில் வைத்துவிட்டுப் பிறகு புலத்தை நீக்கினாலும், கொஞ்சம் காந்தம் இரும்பிலேயே தங்கிவிடும். 1986இல் ஒலிவியே பிளான்ஷார், லாரன்ஸ் சம்மர்ஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் ஐரோப்பாவின் வேலையின்மைக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். மிகப் பொருத்தம்.

பிரிட்டனையே பாருங்கள். 1981இலேயே அங்கே உற்பத்தி மீளத் தொடங்கிவிட்டது. வேலையில்லாதோர் எண்ணிக்கையோ 1986 வரை முப்பது லட்சத்துக்கு மேல் போய் நின்றது. அவர்களில் பத்துக்கு நாலு பேர் ஓராண்டுக்கு மேல் வேலையில்லாதவர்கள். 1979இல் இல்லாத சோம்பல் 1985இல் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?

அமெரிக்காவில் குரோஃப்ட், லாங்கே, நோட்டோவிடிக்டோ என்ற மூவர் செய்த சோதனை 2013இல் வெளிவந்தது. சுமார் 12,000 கற்பனை விண்ணப்பங்களை உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். எத்தனை மாதம் வேலையில்லாதவர் என்பதைக் குலுக்கல் முறையில் எழுதினார்கள். மாதம் கூடக் கூட நேர்காணல் அழைப்பு குறைந்தது. பெரிய சரிவு முதல் எட்டு மாதங்களுக்குள்ளேயே வந்துவிட்டது. காகித மனிதனுக்கு ஏதய்யா சோம்பல்?

நானும் மனுக் கட்டுகளைப் பிரித்தவன்தான். நூறு மனு வந்தால் எல்லாவற்றையும் படிக்க யாருக்கும் பொழுதில்லை, கழித்துப்போட ஒரு சாக்கு வேண்டும். இடைவெளி அதற்கு வசதியான சாக்கு.

விளைவு அதோடு நிற்பதில்லை. முதலாளிகள் அண்மையில் வேலை இழந்தவர்களை மட்டுமே தேடுவதால், வெளியே லட்சக்கணக்கானோர் நின்றாலும் ஆள் தட்டுப்பாடு போலத் தோன்றுகிறது, கூலி ஏறுகிறது. விலைவாசி ஏறிவிடுமே என்று மத்திய வங்கி வட்டியை உயர்த்துகிறது. மீட்சி பாதியில் நிற்கிறது, வெளியே நின்றவர்கள் வெளியேயே நிற்கிறார்கள். பிறகு அந்த உயர்ந்த எண்ணுக்கே 'இயல்பான வேலையின்மை' என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். அந்தப் பெயர்தான் எனக்குக் கோபம்!

மாறவே மாறாத விதி என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் 2009 அக்டோபரில் 10 சதவீதமாக இருந்தது, 2020 பிப்ரவரியில் 3.5க்கு இறங்கியது, நெடுநாள் வெளியே இருந்தவர்களில் பலரும் உள்ளே வந்தார்கள். ஆனால் அதற்குப் பத்தாண்டு பிடித்தது. ஜெர்மனி வேறு வழி கண்டது. 2009இல் அதன் உற்பத்தி 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஆட்களை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைத்தார்கள், இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை அரசின் வேலைவாய்ப்பு நிறுவனம் ஈடுகட்டியது. வேலையின்மை அதிகம் ஏறவில்லை. ஆர்டர் திரும்பி வந்தபோது தொழிலாளி அதே இயந்திரத்தின் முன் நின்றிருந்தான். அவன் விண்ணப்பத்தில் விளக்கம் சொல்லவேண்டிய இடைவெளி எதுவும் விழவில்லை.