சராசரியில் மறையும் கரிசல்

பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் 4-ஆம் கட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இலக்கு 62,500 கி.மீ. இதற்கான டி.பி.ஆர்.கள் நம் மேசைகளில் அடுக்கப்படும் வேளையில் இவ்விதழின் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறோம்: சாலை முழுவதற்கும் ஒரே ஒரு சி.பி.ஆர். மதிப்பைக் காட்டும் அறிக்கையில் யாரும் கையெழுத்திடக் கூடாது.

தென்மாவட்டச் சாலை ஒன்று, 3 கி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 1.2 கி.மீ. சரளை, நான்கு நாள் ஊறிய சி.பி.ஆர். 9. அடுத்த 700 மீட்டர் கண்மாய்ப் பாசனக் கரிசல், மதிப்பு 2. மீதி செம்மண், 7. மூன்றையும் கூட்டி வகுத்தால் 6 வருகிறது, எஸ்.பி.72-இன்படி அது எஸ்-3 வகுப்பு. ஆனால் சரளையும் செம்மண்ணும் எஸ்-4, கரிசலோ எஸ்-1. அந்தச் சாலையில் எங்குமே இல்லாத மண்ணுக்கு நாம் கனம் கணக்கிட்டிருக்கிறோம். 2.3 கி.மீ.யில் ஜல்லி வீண். 700 மீட்டரில் பற்றாக்குறை. இரண்டு மழைக்காலம் போனால் சக்கரத்தடம் எங்கே பள்ளமாகும் என்பதை ஊர்க்காரரே காட்டுவார்.

சராசரி எடுக்க விதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஒரே மண்ணில் ஒரே அடர்த்தியில் செய்த மூன்று மோல்டுகளுக்கு. அங்கும் சி.பி.ஆர். 5 வரை ஒன்றுக்கு மேல் விலகினால் ஆறு மோல்டுகள் பார்க்க வேண்டும். பலவீன மண்ணில் இந்த ‘ஒன்று’ சிறிய விஷயமல்ல. 2.5 மி.மீ. ஊடுருவலில் திட்டச்சுமை 1370 கிலோ என்பதால், 2-க்கும் 3-க்கும் இடையே இருப்பது 14 கிலோவுக்கும் குறைவு. பெரிய ப்ரூவிங் ரிங்கில் முள் சற்றே நகரும் தூரம்தான் அது. அதற்குள் வகுப்பு எஸ்-1-இலிருந்து எஸ்-2-க்கு ஏறிவிடுகிறது. கரிசலுக்குச் சிறிய ரிங் மாட்டச் சொல்லும் ஆய்வகம் அபூர்வம்.

இதைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறோம். கேட்பார் இல்லை. கனம் கூடினால் ‘கிலோமீட்டருக்கு ஏன் இவ்வளவு செலவு’ என்று மூன்று கடிதம் வரும். கரிசல் பூமியில் 6 என்று எழுதினால் ஒரு கேள்வியும் வராது. மாதிரி எந்தச் சங்கிலித் தூரத்தில், எந்த ஆழத்தில் எடுத்தது என்று கேட்கும் அதிகாரியைக் காண்பது அரிது. சாலை கெட்டால் மட்டும் ஒப்பந்ததாரரின் தரத்தையும் களப் பொறியாளரின் மேற்பார்வையையும் தோண்டுகிறார்கள். தோண்ட வேண்டியது டி.பி.ஆரின் மண் பக்கத்தை.

செய்ய வேண்டியது கடினமல்ல. மண் மாறும் இடங்களைச் சங்கிலித் தூரத்தோடு குறித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி சி.பி.ஆர்., தனிக் கனம் எழுதுங்கள். அந்த 700 மீட்டரில் சப்கிரேடின் மேல் 300 மி.மீ.க்கு மண்ணை மாற்றுவதா, சுண்ணாம்பு கலப்பதா என்பதையும் மதிப்பீட்டிலேயே சேருங்கள். சேர்க்காத கோப்பு வந்தால், காரணம் எழுதித் திருப்பி அனுப்புங்கள்.