மானியத்தை நம்பி நகையை வைக்கலாமா?

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஜவ்வரிசி அப்பளம், வடகம் போடும் சிறு யூனிட் தொடங்க ஆசை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பி.எம்.இ.ஜி.பி.) பெண்களுக்கு 35 சதவீத மானியம் என்று கேள்விப்பட்டாராம். ‘இப்போதைக்கு நகையை அடகு வைத்து மிஷின் வாங்கிவிட்டு, மானியம் வந்ததும் மீட்டுக்கொள்ளலாமா?’ என்று கேட்கிறார்.

வேண்டாம் சகோதரி. முதல் காரணம், இது புதிய தொழிலுக்கு மட்டுமான திட்டம். மிஷினை வாங்கி ஓட்ட ஆரம்பித்துவிட்டால், உங்களுடையது ஏற்கெனவே நடக்கும் தொழில் என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள். விண்ணப்பம் முதலில், மிஷின் பிறகு. கடைக்காரரிடம் இப்போது கொட்டேஷன் மட்டும் வாங்குங்கள்.

இரண்டாவது, மானியம் உங்கள் கைக்கே வராது. பலரும் ஏமாறும் இடம் இதுதான். உங்கள் திட்டச் செலவு 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம் (நிலத்தின் விலையை இதில் சேர்க்க முடியாது). பெண் என்பதால் நீங்கள் போட வேண்டியது 5 சதவீதம், அதாவது 50 ஆயிரம். மீதி 9.5 லட்சத்தை வங்கி கடனாகத் தரும். மானியமான 3.5 லட்சம் அதே வங்கியில் உங்கள் பெயரில் 3 ஆண்டுகள் டெபாசிட்டாக இருக்கும். அதற்கு வட்டி கிடையாது. கடனில் அந்த அளவுக்கு உங்களிடமும் வட்டி வாங்கமாட்டார்கள். ஆக, வட்டி 6 லட்சத்துக்குத்தான். 11 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி 5,500 ரூபாய். 3 ஆண்டு கழித்து, யூனிட் ஓடுகிறதா என்று நேரில் பார்த்துவிட்டு, அந்தப் பணத்தைக் கடனில் கழிப்பார்கள். நடுவில் மூடிவிட்டால் மானியம் திரும்பிப் போய், கடன் முழுதும் உங்கள் தலையில் விழக்கூடும்.

ஆகவே நகையைத் தொடுவதாக இருந்தாலும் அந்த 50 ஆயிரத்துக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, யூனிட் எங்கே வருகிறது என்பது. ஊராட்சி எல்லைக்குள் என்றால்தான் 35 சதவீதம். ராசிபுரம் நகராட்சிக்குள் கட்டடம் பிடித்தால் 25தான். ஒரு லட்சம் குறைந்துவிடும். வாடகை ஒப்பந்தம் போடுமுன் இதை விசாரியுங்கள். கிராமப் பகுதி என்பதற்குச் சான்றும் கேட்பார்கள்.

kviconline.gov.in தளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. ‘நான் முடித்துத் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடுங்கள்’ என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விண்ணப்பத்தில் மாவட்டத் தொழில் மையத்தைத் தேர்ந்தெடுத்தால், நாமக்கல் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்க வசதி. கடன் தருவதா என்று முடிவு செய்வது வங்கிதான். அதனால் அனுப்புவதற்கு முன்பே, கணக்கு வைத்திருக்கும் கிளை மேனேஜரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். அப்பளத்தை எந்தக் கடை, என்ன விலைக்கு எடுக்கும் என்று அவர் நிச்சயம் கேட்பார். இரண்டு மூன்று மளிகைக்கடைகளில் விசாரித்து, எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.