தொண்ணூறு நாள் தர்மம்

குற்றாலத்தில் சாரல் கட்டியதும் தென்காசியே குளிர்ந்துவிடும், என் மருமகனின் பட்டறையைத் தவிர. தங்கை மகன் இரும்பு ரேக்குகள் செய்கிறான். ஒரு பெரிய கம்பெனியின் வெண்டார் பட்டியலில் சேர அவனுக்கு எட்டு மாதம் ஆயிற்று. பான், ஜிஎஸ்டி சான்று, ரத்து செய்த காசோலை, மூன்று வருட பேலன்ஸ் ஷீட், பட்டறை ஆய்வு என்று எல்லாம் முடிந்து வெண்டார் கோடு வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

பர்ச்சேஸ் ஆர்டரின் கடைசிப் பக்கத்தைப் படித்தவன் நான்தான். வங்கியில் காலம் தள்ளிய பழக்கம். "சரக்கு ஏற்பு ரசீது தேதியிலிருந்து 90 நாள்" என்றிருந்தது.

ஜூன் 3-ல் சரக்கு இறங்கியது. ரசீது போட்டது ஜூன் 10. அங்கிருந்து 90 நாள் என்றால் செப்டம்பர் 8. அவர்கள் பணம் அனுப்புவது 10, 25 தேதிகளில் மட்டும். ஆக, செப்டம்பர் 10. மொத்தம் 99 நாள். பில் 5 லட்சம், ஜிஎஸ்டி 90,000. இரும்பு வாங்கியபோது கட்டிய 54,000 கழித்து, மீதி 36,000-ஐ ஜூலை 20-க்குள் அவன் கையிலிருந்து கட்டியாக வேண்டும். 5,90,000-க்கு 12 சதவீதத்தில் 99 நாள் வட்டி சுமார் 19,000. அதாவது கம்பெனிக்குக் கடன் கொடுப்பவன் பட்டறைக்காரன்!

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், இறங்கிய நாளே ஏற்ற நாள். ரசீது தேதிக்கு அங்கே வேலையில்லை. ஜூலை 18-லேயே பணம் வந்திருக்க வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக.

"வருமான வரியில் 43பி(எச்) வந்துவிட்டதே, இனி பயப்படுவார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தாமதித்த தொகையைக் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்டலாம் என்பதே அந்தப் பிரிவு. ஜூன் பில்லை செப்டம்பரில் கொடுத்தால் இரண்டும் ஒரே நிதியாண்டு. கம்பெனிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. மார்ச் 31-ல் பாக்கி நின்றால்தான் கடிக்கும். வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் பல் முளைக்கிற நாய் அது.

"புகார் கொடுடா, அதற்கென்று கவுன்சில் இருக்கிறதே" என்றேன்.

"கொடுக்கலாம் மாமா. அடுத்த ஆர்டர் யார் கொடுப்பா?"

என்னிடம் பதில் இல்லை. பாதிக்கப்பட்டவனே போய்ப் புகார் சொல்ல வேண்டும் என்று எழுதிய சட்டத்தின் ஓட்டை அதுதான். வட்டி தானாகவே பில்லில் ஏறும்படி செய்யாதவரை 45 நாள் என்பது வெறும் காகிதம்.

அதுவரை என் மருமகனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் சான்றைப் பதிவு செய்யுங்கள், அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். சரக்கு இறங்கிய அன்றே டெலிவரி சலானில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். 90 நாள் கேட்டால் விலையில் மூன்றேகால் சதவீதம் ஏற்றிச் சொல்லுங்கள். கடனை இனாமாகக் கொடுக்க நாம் என்ன தர்மசத்திரமா நடத்துகிறோம்?